இ.ஆர்.பி. அப்கிரேடும் சொந்த நிரலும்

கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு என்று ஒரு நிறுவனத்தின் வேலை முழுவதையும் ஒரே மென்பொருளில் நடத்துவதுதான் இ.ஆர்.பி. இந்தத் துறையில் பெரிய பெயர் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. அதன் பழைய ஈ.சி.சி. பதிப்பில் ஓடும் நிறுவனங்கள் 2015இல் வந்த எஸ்/4 ஹானாவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஈ.சி.சி.க்கான வழக்கமான ஆதரவு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் கட்டுவோருக்கு 2030 வரை கிடைக்கும். கிளம்பும் இடமும் சேரும் இடமும் எல்லாருக்கும் ஒன்றுதான். இருந்தும் சிலருக்குச் சில மாதங்களில் முடியும் மாற்றம், வேறு சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, நிறுவனம் தன் வசதிக்காக எழுதிச் சேர்த்துக்கொண்ட நிரல்.

நிறுவனத்தின் தேவையை இ.ஆர்.பி.க்குள் மூன்று இடங்களில் வைக்கலாம். கடன் கட்டுப்பாடு இதற்கு நல்ல உதாரணம். ஒரு டீலருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரைதான் கடன். பாக்கி அதைத் தாண்டினால் புது ஆர்டர் நிற்க வேண்டும். இதற்கு ஒரு வரி நிரல்கூட வேண்டாம். டீலரின் வரம்பை அவர் பதிவில் எழுதி, எந்தச் சோதனை நடக்க வேண்டும் என்பதை OVA8 என்ற திரையில் தேர்ந்தெடுத்தால் போதும். இதுதான் கான்ஃபிகரேஷன். நிரலை எஸ்.ஏ.பி. ஏற்கெனவே எழுதிவிட்டது, நிறுவனம் அது படிக்கும் டேபிள்களில் மதிப்புகளை மட்டும் நிரப்புகிறது.

அடுத்து நிறுவனம் இன்னொன்று கேட்கிறது: கடந்த 90 நாளில் டீலரின் செக் திரும்பியிருந்தால், வரம்புக்குள் இருந்தாலும் ஆர்டரை நிறுத்த வேண்டும். இதற்குத் தயாரான தேர்வு இல்லை. ஆனால் அதே OVA8 திரையில், நிறுவனமே எழுதும் சோதனைகளுக்கென்று மூன்று இடங்கள் விட்டிருக்கிறார்கள். முதல் இடத்தை இயக்கினால் LVKMPFZ1 என்ற கோப்பில் உள்ள நிரல் ஓடும். அங்கே செக் சோதனையை எழுதிக்கொள்ளலாம். எஸ்.ஏ.பி.யின் நிரல் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் நிறுவனத்தின் நிரலை அழைத்து, பதிலை வாங்கிக்கொண்டு மேலே போகிறது. இதுதான் எக்ஸ்டென்ஷன்.

மூன்றாவது வழி, அவசரத்தில் எடுக்கப்படுவது. ஆர்டரைச் சேமிக்கும் எஸ்.ஏ.பி.யின் சொந்த ப்ரோகிராமையே திறந்து, நடுவில் பத்து வரி எழுதிவிடுவது. இதை மாடிஃபிகேஷன் என்பார்கள். ஈ.சி.சி.யில் இதற்கென்று எஸ்.ஏ.பி.யிடம் தனியாக ஒரு சாவி எண் வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தடை இருந்தும் பல நிறுவனங்களில் இப்படித் திருத்தியவை ஏராளம்.

மூன்றும் அன்றாடத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆர்டர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். வித்தியாசம் அப்கிரேடின்போது வெளிப்படுகிறது. அப்கிரேட் என்பது எஸ்.ஏ.பி. தன் நிரலை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. டேபிளில் இருக்கும் மதிப்புகளை அது தொடுவதில்லை. தொட வேண்டியிருந்தாலும் மாற்றிக் கொடுக்கும் வழியை எஸ்.ஏ.பி.யே தருகிறது. ஹானாவில் பழைய கடன் கட்டுப்பாட்டு மாட்யூல் கிடையாது, வேறொன்று வந்திருக்கிறது. ஆனால் டீலர்களின் வரம்புகளைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோவது மாற்றத்தின் வகுக்கப்பட்ட படிகளில் ஒன்று. கான்ஃபிகரேஷனும் உழைப்பு கேட்கும். ஆனால் எல்லா நிறுவனங்களும் நடந்த பாதை அது.

மாடிஃபிகேஷனுக்கு அப்படிப் பாதை இல்லை. நிறுவனம் திருத்திய ப்ரோகிராமை எஸ்.ஏ.பி.யும் மாற்றியிருந்தால், SPAU என்ற திரையில் அது பட்டியலாக வந்து நிற்கும். சில திருத்தங்கள் தானாகவே புதிய நிரலில் பொருந்திக்கொள்ளும். மற்ற ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திறந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்து, திருத்தத்தைத் திரும்பப் போடுவதா, கைவிட்டு எஸ்.ஏ.பி.யின் மூலத்துக்கே போவதா என்று முடிவெடுக்க வேண்டும். 2009இல் யாரோ எழுதிய பத்து வரிக்கு இன்று காரணம் சொல்ல ஆள் இருக்க மாட்டார். அந்தத் தேவை இன்னும் இருக்கிறதா என்று விற்பனைப் பிரிவைக் கேட்டு, பதில் வாங்கி, சோதித்துப் பார்ப்பதில்தான் நாட்கள் கரைகின்றன. நிரல் எழுதுவதற்கு ஆகும் நேரம் இதற்கு முன் சொற்பம்.

SPAU பட்டியலில் வராத ஆபத்தும் உண்டு. திருத்தினால் தொல்லை என்று நினைத்து, எஸ்.ஏ.பி. ப்ரோகிராமை அப்படியே நகலெடுத்து, Z என்று தொடங்கும் பெயர் வைத்து, நகலை மாற்றிக்கொள்வார்கள். Z, Y இரண்டும் வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கிய எழுத்துகள் என்பதால் அப்கிரேட் அவற்றைத் தொடாது. அதுவேதான் சிக்கல். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எஸ்.ஏ.பி. அனுப்பிய திருத்தங்கள் மூல ப்ரோகிராமுக்குத்தான் போய்ச் சேரும்; நகலுக்குப் போகாது. நகலை வைத்திருப்பவர் அவற்றைத் தானே எழுதிச் சேர்க்க வேண்டும்.

Z நிரலில் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும்: அது எதைத் தொட்டுப் படிக்கிறது என்பது. ஒரு ஆலையில் லாரிக்கு கேட் பாஸ் அச்சிடும் சொந்த ப்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடன் சோதனையில் நின்ற ஆர்டருக்கு பாஸ் தரக் கூடாது. உள்ளே இப்படி எழுதியிருக்கும்:

```
SELECT SINGLE cmgst FROM vbuk
  INTO lv_cmgst
  WHERE vbeln = lv_vbeln.
IF lv_cmgst = 'B'.
  lv_stop = 'X'.
ENDIF.
```

VBUK என்பது ஈ.சி.சி.யில் ஆர்டர்களின் நிலையை வைத்திருந்த டேபிள். B என்றால் கடன் சோதனையில் தேறவில்லை. ஹானாவில் இந்த நிலை விவரங்கள் ஆர்டரின் தலைப்பு டேபிளான VBAKக்கு நகர்ந்துவிட்டன. புதிய ஆர்டர்களுக்கு VBUKஇல் எதுவும் எழுதப்படுவதில்லை. ஆனால் டேபிளின் பெயர் அப்படியே இருக்கிறது. அதனால் மேலே உள்ள நிரல் பிழையில்லாமல் ஓடும். பதில் வெற்றாக வரும். வெற்று என்பது B அல்ல. கேட் பாஸ் அச்சாகும், லாரி வெளியே போகும். நின்றுபோகும் ப்ரோகிராமை அன்றே கண்டுபிடித்துவிடலாம். இதைப் பாக்கிப் பட்டியல் நீளும்போதுதான் யாராவது கவனிப்பார்கள்.

இந்தப் ப்ரோகிராம் எஸ்.ஏ.பி. நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆனாலும் உடைந்தது, ஏனென்றால் எஸ்.ஏ.பி.யின் உள் டேபிளை நேராகப் படித்தது. உள் டேபிள்கள் அப்படியே இருக்கும் என்று எஸ்.ஏ.பி. யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இதனால்தான் இப்போது எஸ்.ஏ.பி., வெளியார் பயன்படுத்தலாம் என்று தானே அறிவித்த இடைமுகங்களையும் பார்வைகளையும் மட்டுமே தொடும் நிரலைப் பாதுகாப்பான எக்ஸ்டென்ஷன் என்கிறது. அவற்றின் பின்னால் டேபிள் மாறினாலும் முன்னால் கேட்கும் கேள்வி மாறாது. இதற்கும் எல்லை உண்டு: எல்லாத் தகவலுக்கும் அப்படி அறிவித்த இடைமுகம் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது உள் டேபிளைப் படிக்க வேண்டிவந்தால், அதை ஒரே இடத்தில் எழுதி மற்ற ப்ரோகிராம்கள் அதை அழைக்கும்படி வைப்பது நல்லது. அடுத்த முறை திருத்த வேண்டிய இடம் ஒன்றாகவே இருக்கும்.

மாறுவதற்கு முன் VBUK போன்ற இடங்களைத் தேட ஏ.டி.சி. என்ற சோதனைக் கருவி இருக்கிறது. அது Z நிரல் முழுவதையும் வாசித்து, ஹானாவில் மாறியவற்றைத் தொடும் வரிகளைக் காட்டும். டேபிளின் பெயரை ஓடும்போதுதான் கோர்த்தெடுக்கும் நிரல் அதன் கண்ணுக்குத் தப்பக்கூடும். அதைச் சோதனை ஓட்டத்தில்தான் பிடிக்க முடியும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, எந்த Z ப்ரோகிராம் உண்மையில் ஓடுகிறது என்று கணக்கெடுப்பது. SCMON அதைப் பதிவு செய்யும். ஓராண்டாவது பதிவு செய்தால்தான் மார்ச் முடிவில் மட்டும் ஓடும் கணக்கு ப்ரோகிராம்களும் தெரியவரும். ஒருமுறையும் ஓடாதவற்றை அவற்றின் உரிமையாளரைக் கேட்டுவிட்டு நீக்கலாம். அவற்றைத் திருத்தவும் வேண்டாம், சோதிக்கவும் வேண்டாம்.