உம்மா, படம் இப்படி அனுப்புங்கள்

எங்கள் அயல்வீட்டு உம்மாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். கட்டாரில் வேலை செய்யும் அவரது மகன், தனது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் படத்தை ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. உம்மா அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படம் போய்ச் சேர்ந்தது. ஆனால் பதிவிலக்கம் மங்கிக் கிடந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். மின்னஞ்சலில் இணைத்தால் பெரும்பாலும் எடுத்தபடியே போகும்.

அன்றிரவே மகன் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். உங்களில் பலருக்கும் உதவும் என்பதால் அதைத் தருகிறோம்.

“உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரத்தை யன்னலோரம் மேசையில் விரித்து, உங்கள் நிழல் விழாமல் படம் எடுங்கள். எடுத்ததை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். இலக்கம் உங்களுக்குத் தெளிவில்லை என்றால் எனக்கும் தெளிவிராது. மறுபடி எடுங்கள்.

என் முகவரியை எழுத்துக் கூட்டி அடிக்க வேண்டாம். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் எனக்கு வராது. நான் இப்போது ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன். ஜீமெயிலில் அதைத் திறந்து, கீழே Reply என்பதைத் தொடுங்கள். என் முகவரி தானாகவே வந்துவிடும்.

இனி மேலே, கடதாசிக்குப் போடும் கிளிப் போன்ற அடையாளத்தைத் தொடுங்கள். படங்கள் இருக்கும் இடத்தைத் தெரிவுசெய்து, பத்திரத்தின் படத்தைத் தொடுங்கள். கடிதத்தின் கீழே அந்தப் படம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது சேரவில்லை. வெறும் கடிதம்தான் வரும். தெரிந்தால், மேலே உள்ள அம்பு போன்ற அடையாளத்தைத் தொட்டு அனுப்புங்கள்.

ஒரு மெயிலில் மொத்தம் 25 எம்.பி. வரைதான் இணைக்கலாம். போனில் எடுக்கும் படமொன்று பெரும்பாலும் 3 முதல் 5 எம்.பி. வரும். ஆகவே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒன்றாகவே அனுப்பலாம். குடும்பப் படங்களை வேறு மெயிலில் அனுப்புங்கள்.

போனதா என்று பார்க்க, மேலே இடப்பக்கம் உள்ள மூன்று கோடுகளைத் தொடுங்கள். Sent என்பதில் இருந்தால் போய்விட்டது. Outbox என்பதில் இருந்தால் இன்னும் உங்கள் போனிலேயே நிற்கிறது. திரும்பத் திரும்ப அனுப்பாமல், சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து கொஞ்சம் பொறுங்கள்.”

அந்த உம்மாவின் மெயிலும் Outbox இல்தான் நின்றது. அவரது அறைக்குள் சிக்னல் குறைவு. போனைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அது Sent பக்கம் மாறியது. உடனே மகன் அழைத்தார். பத்திரத்தின் இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். உம்மா கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்து, “சரி மகன், சரி” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.