நடுப்புள்ளி துனிசியாவில் விழுந்தது ஏன்?

டோக்கியோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சரிநடுவில் இருக்கும் இடம் எது? பதில் கண்டுபிடிக்க இரண்டு விமான நிலையங்களின் இருப்பிட எண்களை எடுத்துக்கொள்வோம். டோக்கியோவின் ஹனேடா நிலையம் வடக்கு அட்சரேகை 35.55, கிழக்குத் தீர்க்கரேகை 139.78. சான் பிரான்சிஸ்கோ நிலையம் வடக்கு 37.62, மேற்கு 122.38. மேற்குத் தீர்க்கரேகையைக் கழித்தல் குறியோடு எழுதுவது கணினி வழக்கம் என்பதால் அது -122.38 ஆகிறது.

நடுப்புள்ளி என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது ஒரே வழிதான்: இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பது. அட்சரேகைகளின் சராசரி ஏறக்குறைய 36.6. தீர்க்கரேகைகளின் சராசரி 8.7. இந்த எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் அம்பு வட ஆப்பிரிக்காவில், துனிசியாவின் ஜெண்டூபா நகரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளுக்கு நடுவே தேடிய இடம் மத்தியதரைக் கடலோர நாட்டில் கிடைத்திருக்கிறது.

கூட்டலில் பிழை இல்லை. தீர்க்கரேகைகளை எண்ணும் முறைதான் காரணம். கிரீன்விச்சில் சுழியில் தொடங்கி கிழக்கே 180 வரைக்கும், மேற்கே 180 வரைக்கும் எண்ணுகிறோம். இரண்டு எண்ணிக்கையும் பசிபிக்கின் நடுவே ஒரே கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோட்டின் ஒரு பக்கம் 179, மறுபக்கம் -179. தரையில் இரண்டு பாகைதான் இடைவெளி, எண்களிலோ 358. சராசரி எடுக்கும் கணினிக்கு எண்கள் மட்டுமே தெரியும், உலகம் உருண்டை என்பது தெரியாது. அதனால் அது நீளமான வழியில், ஆசியாவையும் ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் தாண்டிப் போய் நடுவைத் தேடுகிறது.

இதற்கு எளிய வைத்தியம் உண்டு. -122.38 உடன் 360-ஐக் கூட்டினால் 237.62. அது அதே இடம்தான், கிழக்காகவே தொடர்ந்து எண்ணியிருக்கிறோம். இப்போது சராசரி 188.7, அதாவது மேற்கு 171.3. புள்ளி பசிபிக்குக்கு வந்துவிட்டது. பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முதல் தவறைவிட இந்த இடம்தான் ஆபத்தானது என்பேன். துனிசியாவில் விழுந்த புள்ளியைப் பார்த்த கணமே தவறு தெரிந்துவிடும். கடலுக்கு நடுவே, இரண்டு நகரங்களுக்கும் இடையில், பார்வைக்குப் பொருத்தமாக நிற்கும் புள்ளியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

சந்தேகம் வந்தால் சோதிக்க வழி இருக்கிறது. நடுப்புள்ளி என்று சொல்லப்படுகிற இடம் இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அதோடு அந்த இரண்டு தூரங்களையும் கூட்டினால் ஊருக்கும் ஊருக்கும் உள்ள நேர்த் தூரமே வர வேண்டும். முதல் நிபந்தனை மட்டும் போதாது, ஏனென்றால் இரண்டு ஊர்களுக்கும் சமதூரத்தில் இருக்கும் இடங்கள் உலகம் முழுக்க ஒரு பெருவட்டமாகவே இருக்கின்றன. நம் புள்ளியைச் சோதிப்போம். அங்கிருந்து ஹனேடாவுக்குச் சுமார் 4,350 கிலோமீட்டர், சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 4,290. இரண்டும் சமமில்லை. கூட்டினால் 8,640 வருகிறது. நேர்த் தூரமோ சுமார் 8,290 கிலோமீட்டர்தான். ஆக நம் புள்ளி வழியில்கூட இல்லை. அதைத் தொட்டுப் போனால் 350 கிலோமீட்டர் சுற்று.

வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து டோக்கியோவில் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறு முனையையும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் 36-ஆம் அட்சரேகையை ஒட்டிக் கிடக்காது. வடக்கே வளைந்து ஏறி, அலாஸ்காவின் அலூஷியன் தீவுகள் பக்கம் நெருங்கி, மறுபடி தெற்கே இறங்கும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கம் 111 கிலோமீட்டர். டோக்கியோவின் அட்சரேகையில் அது 90 சொச்சம். 60-ஆம் அட்சரேகையில் பாதியாகிவிடுகிறது. கிழக்கே 98 பாகை போக வேண்டிய பயணம், பாகைகள் குறுகலாக இருக்கும் வடக்குப் பக்கம் ஏறிப் போனால் மொத்தத்தில் சுருங்குகிறது. நூல் இறுகும்போது தானாகவே அந்த வழியைத் தேர்ந்துகொள்கிறது. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இந்த வழி வளைவாகவும், அட்சரேகையை ஒட்டிய நீண்ட வழி நேர்க்கோடாகவும் தெரிவதால்தான் சராசரி நமக்கு இயல்பாகப் படுகிறது.

அப்படியானால் சரியான நடுவை எப்படிக் கண்டுபிடிப்பது? பாகைகளைச் சராசரி எடுக்காமல், இடங்களையே சராசரி எடுக்க வேண்டும். பூமியின் மையத்திலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அம்பு புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் திசையன் என்று படித்தோமே, அதுதான். அம்பின் நீளம் ஒன்று. அதை மூன்று எண்களால் சொல்லலாம்: கிரீன்விச் கோடு நிலநடுக்கோட்டைச் சந்திக்கும் இடத்தை நோக்கி எவ்வளவு, நிலநடுக்கோட்டில் கிழக்கு 90 பாகையை நோக்கி எவ்வளவு, வட துருவத்தை நோக்கி எவ்வளவு. ஹனேடாவுக்கு இவை -0.621, 0.525, 0.581. சான் பிரான்சிஸ்கோவுக்கு -0.424, -0.669, 0.610. இவற்றைத் தாராளமாகக் கூட்டலாம், ஏனென்றால் இவற்றில் எங்கேயும் 180 என்ற முறிவுக்கோடு கிடையாது. கூட்டினால் -1.045, -0.144, 1.191. கிழக்கு-மேற்குப் பங்குகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொண்டன. வடக்குப் பங்குகள் இரண்டும் சேர்ந்து வலுத்துவிட்டன. நூல் வடக்கே ஏறியதன் கணக்கு இதுதான்.

இந்தக் கூட்டுத்தொகையில் பாதி எடுத்தால் கிடைப்பது இரண்டு விமான நிலையங்களையும் பூமிக்குள்ளேயே நேராகத் துளைத்து இணைக்கும் கோட்டின் நடு. அது தரைக்குக் கீழே சுமார் 1,300 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நமக்கு ஆழம் வேண்டாம், திசை போதும். அதே திசையில் அம்பை நீட்டித் தரையைத் தொட்டால் வடக்கு 48.5, மேற்கு 172.2. அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி, திறந்த கடல். சராசரி காட்டிய இடத்திலிருந்து இது 1,300 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது.

நிரலாக எழுதினால் ஐந்தே வரிகள்:

```
x = cos(lat1)*cos(lon1) + cos(lat2)*cos(lon2)
y = cos(lat1)*sin(lon1) + cos(lat2)*sin(lon2)
z = sin(lat1) + sin(lat2)
lat = atan2(z, sqrt(x*x + y*y))
lon = atan2(y, x)
```

கோணங்களை முதலில் ரேடியனாக மாற்றிக்கொள்ள வேண்டும், விடையைத் திரும்பப் பாகையாக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் கடைசி வரி. `atan2`-க்குப் பதில் சாதாரண `atan(y/x)` போட்டால் இரண்டு கழித்தல் குறிகளும் வகுத்தலில் காணாமல் போய்விடும். விடை கிழக்கு 7.8 என்று வரும், புள்ளி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு அருகே, ரைன் நதிக்கரையில் போய் உட்காரும். எக்ஸெலிலும் கூகுள் ஷீட்ஸிலும் செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பைத்தானில் `atan2(y, x)` என்று எழுதுவதை அங்கே `ATAN2(x, y)` என்று வரிசை மாற்றி எழுத வேண்டும்.

எல்லா இடத்திலும் இவ்வளவு பாடு தேவையா என்றால், தேவையில்லை. சென்னைக்கும் மதுரைக்கும் நடுப்புள்ளியைச் சராசரியால் கண்டுபிடித்தால் வடக்கு 11.5, கிழக்கு 79.2 வருகிறது, விருத்தாசலத்துக்கு மேற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில். அம்புகளைக் கூட்டிக் கண்டுபிடிக்கும் நடு இதிலிருந்து சுமார் 700 மீட்டர்தான் விலகுகிறது. ஊரின் மையம் என்று எந்த இடத்தைக் குறித்துக்கொண்டோம் என்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும், இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் இரண்டு பாகைதான் விலகியிருப்பதும் இந்தச் சலுகையைத் தருகின்றன.

சலுகை முற்றிலும் பறிபோகும் ஒரு ஜோடி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் அலாஸ்காவின் ஆங்கரேஜும். இரண்டும் ஏறக்குறைய 60-ஆம் அட்சரேகையில், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஒன்று கிழக்கு 30.3, மற்றது மேற்கு 149.9. சராசரி எடுத்தால் புள்ளி கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே லாப்ரடார் கடலில் விழும். உண்மையான நடு வட துருவத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 180-ஐத் தாண்டும் வைத்தியமும் இங்கே பலிக்காது. எந்தப் பக்கமாக எண்ணினாலும் அட்சரேகைச் சராசரி 60-ஐ விட்டு நகர்வதில்லை.

அம்புக் கணக்குக்கும் எல்லை உண்டு. அது பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. நிஜப் பூமி துருவங்களில் சற்றே தட்டை. அமெரிக்காவில் மிச்சிகன், ஆரிகன் போன்ற மாநிலங்களில் 45-ஆம் அட்சரேகை கடக்கும் சாலையோரங்களில், நிலநடுக்கோட்டுக்கும் வட துருவத்துக்கும் பாதி வழி இது என்று பலகை வைத்திருக்கிறார்கள். உருண்டையில் அது சரி. தட்டையைக் கணக்கில் சேர்த்தால் நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்துக்கு 10,002 கிலோமீட்டர், 45-ஆம் பாகை வரை 4,985. பாதி வழி பலகையிலிருந்து 16 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அத்தனை துல்லியம் வேண்டுமென்றால் சார்லஸ் கார்னி 2013-இல் வெளியிட்ட முறையைக் கையாளும் GeographicLib போன்ற மென்பொருள் வேண்டும். அது முதலில் இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தையும் புறப்படும் திசையையும் கண்டுபிடித்து, பிறகு அந்தத் திசையில் பாதித் தூரம் நடந்து பார்த்து இடத்தைச் சொல்கிறது.

எந்த முறைக்கும் அகப்படாத ஒரு நிலை மீதி இருக்கிறது. இரண்டு இடங்களும் உருண்டையின் நேரெதிர்ப் புள்ளிகளாக இருந்தால் அம்புகள் ஒன்றையொன்று முழுதாக அழித்துவிடும், கூட்டுத்தொகை சுழி. ஒன்றிலிருந்து மற்றதற்கு எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஒரே தூரம், ஆகவே ஒரு நடுப்புள்ளி இல்லை, நடுப்புள்ளிகளின் முழு வட்டமே இருக்கிறது. ஆனால் மேலே உள்ள ஐந்து வரிகளும் இதைச் சொல்லாது. தசமத்தின் பதினாறாவது இடத்தில் எஞ்சும் துகளை வைத்துக்கொண்டு ஏதோ ஓர் இடத்தைக் காட்டிவிடும். அதனால் விடையை எடுப்பதற்கு முன் கூட்டிய அம்பின் நீளத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். டோக்கியோ கணக்கில் அது 1.59. சுழிக்கு மிக நெருங்கியிருந்தால் விடையை எடுக்கக் கூடாது.