கட்டுச்சோறு தீரும் நாள்

தம்பி, தங்கைகளே! நான் தெருநாய்க் காப்பகம் ஒன்றில் கால்நடை மருத்துவர். "மாதம் 50 ரூபாய் கொடுத்தால் அதில் என்னதான் செய்வீர்கள்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஒரு நாய்க்குட்டியின் கதையாகவே பதில் சொல்கிறேன்.

குட்டிக்கு மணி என்று பெயர் வைப்போம். பிறந்து 6 வாரம் ஆனதும் தங்கையோடு காப்பகத்துக்கு வருகிறான். குட்டிகளுக்குப் பெரிய எமன் பார்வோ என்ற வைரஸ். அது குடலைத் தாக்கும். குட்டி சோர்ந்து படுக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், ரத்தம் கலந்து நாற்றத்தோடு பேதியாகும். நோயுற்ற நாயின் மலத்தில் வெளிவரும் இந்த வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வந்துவிடும். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் குட்டிகளுக்கு ஒரே ஊசி போட்டால் போதாது. ஏன்?

பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. பயணத்துக்கு அம்மா கட்டித் தரும் கட்டுச்சோறு மாதிரி, அவை கொஞ்ச நாளைக்குக் காக்கும், பிறகு தீர்ந்துபோகும். சுமார் 10 நாளுக்கு ஒருமுறை அவற்றின் அளவு பாதியாகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாய் தந்த எதிர்ப்புப் பொருள், ஊசியில் உள்ள வலுவிழந்த வைரஸையும் பகை என்று நினைத்து அழித்துவிடும். அப்போது குட்டியின் உடல் எதையும் கற்றுக்கொள்ளாது, ஊசி வீணாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நாளில் சீம்பால் குடித்ததும் மணியிடம் எதிர்ப்புப் பொருள் 64 பங்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2 பங்காகக் குறைந்தால்தான் ஊசி வேலை செய்யும். 64, 32, 16, 8, 4, 2. ஐந்து முறை பாதியாக வேண்டும், அதாவது 50 நாள். தங்கை சீம்பால் அதிகம் குடித்ததால் அவளிடம் 256 பங்கு இருந்தது. அவளுக்கு ஏழு முறை, 70 நாள். 6 வாரத்தில், அதாவது 42 நாளில் போட்ட ஊசி இருவருக்குமே பலிக்காது. 9 வாரத்தில் போட்டது மணிக்குப் பலிக்கும், தங்கைக்குப் பலிக்காது. 12 வாரத்தில் போட்டதுதான் அவளைக் காக்கும். இன்னும் தாமதமாகும் குட்டிகளும் உண்டு.

யாருக்கு எந்த நாள் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரையோ அதைத் தாண்டியோ ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். மணிக்கு 6, 9, 12, 16 வாரங்களில் நான்கு தவணை.

ஊசி மருந்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும். இன்னொரு குப்பியில் தெளிந்த திரவம் இருக்கும். இரண்டையும் கலந்து, கழுத்துக்குப் பின்னால் தளர்வாக இருக்கும் தோலைத் தூக்கி, அதன் அடியில் போடுவோம். மருந்துக் குப்பிகள் எப்போதும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் போய் மருந்து சூடாகிவிட்டால் அதை நம்ப முடியாது.

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு தவணைக்கு 500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கும் மருந்துக்கும் ஏற்ப இது மாறும். உங்கள் வகுப்பில் 10 பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் ஒரு குட்டிக்கு ஒரு தவணை. நான்கு மாதம் கொடுத்தால் நான்கு தவணையும் முடிந்துவிடும். இரண்டாவது தவணையோடு பணம் நின்றால்? மணி தப்பிப்பான். தங்கைக்குப் போட்ட இரண்டு ஊசியும் வீணாகியிருக்கும், அவள் பாதுகாப்பே இல்லாமல் நிற்பாள். அதனால்தான் ஒருமுறை கொடுப்பதைவிட, சிறு தொகையானாலும் மாதந்தோறும் வருவதைக் கேட்கிறோம். வந்தால்தான் அடுத்த தவணை மருந்தை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியும்.

அந்த 50 ரூபாயால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். பார்வோ வந்துவிட்டால் குட்டியைத் தனியறையில் வைத்து, பல நாள் ரத்தக்குழாயில் திரவம் ஏற்றி, இரவும் பகலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு நான்கு ஊசியின் விலையைவிடப் பல மடங்கு. அவ்வளவு செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை.

ஆகவே வீட்டில் பெரியவர்களிடம் பேசுங்கள். அவர்களோடு உங்கள் ஊர்க் காப்பகத்துக்குப் போய், ஒரு குட்டியின் தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். போட்ட தேதியும் அடுத்த தேதியும் அதில் எழுதியிருக்கும். உங்கள் மாதப் பணம் அந்த அடுத்த தேதிக்குத்தான்.