கடன் எதுவரை இலாபம்?

ஒரு நிறுவனத்தின் முதலில் எவ்வளவு பங்கு கடனாக இருக்கலாம்? கடன் தரும் வரிச் சேமிப்பையும், அது கொண்டுவரும் நெருக்கடிச் செலவையும் ஒன்றுக்கொன்று எடைபோட வேண்டும் என்று 1973இல் க்ராஸ், லிட்சன்பெர்கர் என்ற இருவரும் விளக்கினர்.

ஒரு கோடி ரூபா முதலுள்ள கம்பனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரி 30 சதவீதம், வட்டி 12 சதவீதம் என்று வைப்போம். வட்டி செலவாகக் கழிக்கப்படுவதால், 20 இலட்சம் கடனுக்கு ஆண்டில் 72,000 ரூபா வரி மிச்சமாகும். 40 இலட்சத்துக்கு 144,000, 60 இலட்சத்துக்கு 216,000.

இனி மறுபக்கம். வியாபாரம் படுத்துத் தவணை தவறினால் காசோலை திரும்பும். சரக்குத் தருபவர் கடனுக்குத் தரமாட்டார். கையிருப்பை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டிவரும். இந்த நட்டம் 10 இலட்சம் என்போம். அது நேரும் வாய்ப்பு மூன்று நிலைகளிலும் முறையே 2, 5, 15 சதவீதமானால், எதிர்பார்க்கும் நட்டம் 20,000, 50,000, 150,000 ஆகும்.

கழித்துப் பாருங்கள்: மிஞ்சுவது 52,000, 94,000, 66,000. மூன்றில் 40 இலட்சமே சிறந்தது. அதற்கு மேல் வரி மிச்சமாவதை விட ஆபத்து வேகமாக ஏறுகிறது.

இந்த எல்லை எல்லோருக்கும் ஒன்றல்ல. நிலையான விற்பனையும் கட்டடமும் உள்ளவருக்கு அது உயரும். பருவத்துக்குப் பருவம் மாறும் புடைவை வியாபாரிக்குத் தாழும். இலாபம் வட்டியை விடக் குறைந்த ஆண்டில் வரிச் சேமிப்பும் முழுதாகக் கிடைக்காது. வட்டியின்றி நிதி பெறுவோருக்கும் தவணை தவறினால் நெருக்கடி ஒன்றே.