வட்ட மேசைப் புதிருக்கு ஒரு 90 நிமிட வகுப்பு

ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம். ஒரு கேள்விக்குச் சராசரியாக 34 விநாடிதான் கிடைக்கும். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று கேட்கும் புதிர்களில் ஒரே குறிப்புத் தொகுதியிலிருந்து பெரும்பாலும் ஐந்து கேள்விகள் வரும். படம் சரியாக அமைந்தால் ஐந்தும் கிடைக்கும். தவறினால் நேரமும் மதிப்பெண்ணும் சேர்ந்தே போகும். இந்த ஒரு வகைப் புதிருக்கு மட்டும் 90 நிமிட வகுப்பை இப்படி அமைக்கலாம்.

முதல் 10 நிமிடம் திசைப் பயிற்சி. மேசையின் மையத்தை நோக்கி அமர்ந்தவருக்கு இடப்புறம் என்பது கடிகாரம் சுற்றும் திசை. வலப்புறம் அதற்கு எதிர்த்திசை. வெளிப்புறம் நோக்கி அமர்ந்தால் இது தலைகீழாகும். ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்க, மாணவர்கள் யோசிக்காமல் விடை சொல்லும் வரை இது தொடர வேண்டும்.

அடுத்த 25 நிமிடம் கரும்பலகையில் ஒரு புதிர். அருண், பானு, கீதா, தாமு, மணி, ராதா ஆகிய ஆறு பேர் மையத்தை நோக்கி வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். ராதா அருணுக்கு அருகில் இல்லை. தாமு கீதாவுக்கு அருகில் இல்லை. அருணுக்கு நேர் எதிரே பானு. மணி தாமுவுக்கு அருகில் இல்லை. பானுவுக்கு இடப்புறம் இரண்டாவதாகக் கீதா.

குறிப்புகளைத் தந்த வரிசையிலேயே எடுத்தால் முதல் வரியிலேயே பல படங்கள் வரைய நேரிடும். இடத்தை உறுதி செய்யும் குறிப்புகளை முதலில் எடுப்பதும், ‘இல்லை’ என்று முடிபவற்றைக் கடைசிக்கு ஒதுக்குவதும்தான் இங்கே ஷார்ட்கட். கடிகாரத் திசையில் இடங்களுக்கு 1 முதல் 6 வரை எண்ணிடலாம். அருண் 1 என்றால் பானு 4, கீதா 6. மிச்சம் 2, 3, 5. கீதாவுக்கு அருகில் இல்லாததால் தாமுவுக்கு 5 கிடையாது. அவர் 2இல் இருந்தாலும் 3இல் இருந்தாலும், அவருக்கு அருகில் இல்லாத மணிக்கு 5 மட்டுமே மிஞ்சும். ராதா அருணுக்கு அருகில் இல்லாததால் அவருக்கு 2 ஆகாது. எனவே ராதா 3, தாமு 2. முடிவான வரிசை: அருண், தாமு, ராதா, பானு, மணி, கீதா.

பானுவுக்கும் கீதாவுக்கும் நடுவில் யார் என்ற கேள்விக்கு, ராதாவைப் பற்றிய குறிப்பைத் தொடுவதற்கு முன்பே ‘மணி’ என்று குறித்துவிடலாம். இரண்டு வாய்ப்புகளிலும் மாறாத இடம் எதுவென்று பார்ப்பது இரண்டாவது ஷார்ட்கட்.

அடுத்த 15 நிமிடம் கடிகாரம் வைத்துப் பயிற்சி: மூன்று புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். இது சராசரி நேரத்தைவிடக் கூடுதல்தான். தேர்வில் சமனின்மை போன்ற குறுங்கேள்விகளில் மிச்சமாகும் நேரம் இதை ஈடுகட்டும். ஒன்றரை நிமிடம் ஆனதும் ஆசிரியர் குரல் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒருவருடைய இடம்கூட உறுதியாகாதவர், அந்தப் புதிரை விட்டுவிட்டதாகக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.

அதன்பின் 30 நிமிடம் ஆய்வு. விடைகளை மட்டும் சரிபார்க்காமல், வரைந்த படங்களையும் பார்க்க வேண்டும். எல்லோரும் மையத்தை நோக்கும் புதிரில் இடவலம் மாறிப்போனால் கண்ணாடிப் பிம்பம் போன்ற படம் கிடைக்கும். அதில் ‘எதிரே யார்’, ‘நடுவில் யார்’ என்ற கேள்விகள் சரியாகவே வரும். இடம், வலம் கேட்பவை மட்டும் தவறும். விடைத்தாளில் இந்தப் பாங்கு தெரிந்தால் கோளாறு தர்க்கத்தில் இல்லை, திசையில். மூன்று நான்கு படங்கள் வரைந்து திணறியவர் உறுதியான குறிப்பைத் தாமதமாக எடுத்திருப்பார். படம் சரியாக இருந்தும் விடை தவறினால் கேள்வியை அவசரமாகப் படித்திருப்பார்.

ஷார்ட்கட்டின் எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நோக்கும் புதிரில் ஒரே திசை விதி எல்லோருக்கும் பொருந்தாது. ஒவ்வொரு பெயருக்கும் அம்புக்குறி இட வேண்டும். ‘இல்லை’ குறிப்புகளைத் தள்ளிவைக்கும் வழியும், உறுதியான குறிப்பு ஒன்றாவது இருந்தால்தான் உதவும்.

கடைசி 10 நிமிடத்தில் தவறிய புதிர் ஒன்றை மாணவர்கள் வெற்றுத்தாளில், பழைய படத்தைப் பார்க்காமல் மீண்டும் போட வேண்டும். இம்முறை 5 நிமிடத்துக்குள் முடித்தவர்கள் அடுத்த வகுப்பில் எட்டுப் பேர் புதிருக்குப் போகலாம். முடியாதவர்கள் ஆறு பேர் புதிரிலேயே தொடர்வது நல்லது.