கல்ஃப் சம்பளச் சீட்டில் பேசிக் எவ்வளவு?

ஜோலார்பேட்டையிலிருந்து துபாய் போன என் சித்தப்பா பையன் கேட்டான்: "அண்ணா, மாசம் 1,800 திர்ஹாம் வாங்குறேன். நாலு வருஷம் முடிச்சா செட்டில்மென்ட் எவ்ளோ வரும்?"

அவன் சம்பளச் சீட்டுல அந்த 1,800 மூணா பிரிஞ்சிருக்கு: பேசிக் 1,000, வீட்டுப் படி 500, போக்குவரத்துப் படி 300. மாசாமாசம் மூணும் சேர்ந்துதான் கைக்கு வரும். ஆனா அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டப்படி, பணிக்கொடையை பேசிக்கை மட்டும் வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க. ஒரு வருஷம் முடிச்சிருக்கணும். முதல் அஞ்சு வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக். அதுக்கு மேல 30 நாள்.

1,000-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினா 700. நாலு வருஷத்துக்கு 2,800 திர்ஹாம். மொத்தச் சம்பளத்தை வச்சு அவன் நினைச்சிருந்தது 5,040. சம்பளம் இல்லாம லீவு போட்ட நாட்களும் இதுல சேராது.

பிடித்தம் பகுதியையும் பாருங்க. எழுதிக் கொடுத்து வாங்கின கடனைப் பிடிக்கலாம். வேலைக்கு எடுத்த செலவைத் தொழிலாளிகிட்ட வசூலிக்கக் கூடாது, அது சட்டத்திலேயே இருக்கு.

அதனால ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடும் முன்னாடி, மொத்தத் தொகையை விட்டுட்டு பேசிக் எவ்வளவுன்னு கேளுங்க.