கரட் விலையில் ஒரு சான்று
வேலைக்கு முன் – தொடர் கட்டுரை: 6

சான்றுச் செயற்றிட்டம் என்பது, வேலை வரலாற்றில் இடம்பெறாத ஒரு திறமையைத் தானே செய்து முடித்த சிறிய வேலை ஒன்றின் மூலம் காட்டுவது. கைத்தொழில்களில் இது பழைய வழக்கம். ஜெர்மனியில் தச்சுத் தொழில் பயிற்சியை முடிப்பவர் இன்றும் தன் கையால் ஒரு தளபாடத்தைச் செய்து பரிசோதகர் முன் வைக்கிறார். மூட்டு எப்படிப் பொருந்துகிறது, இழுப்பறை எப்படி ஓடுகிறது என்று பார்த்தே அவர் தேறினாரா என முடிவு செய்வார்கள். கொழும்பு – கண்டி வீதியில் பிலிமத்தலாவைப் பக்கம் வரிசையாக இருக்கும் பித்தளைக் கடைகளிலும் விளக்கைப் பார்த்தாலே வார்ப்பின் தரம் தெரிந்துவிடும். மேசையில் இருந்து செய்யும் வேலைகளுக்கு அப்படிக் கண்ணில் படும் பொருள் எதுவும் இல்லை. அதைத் தனியே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியான கடை ஒன்றில் ஐந்து வருடம் கணக்கு எழுதியவர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் ஒரு நிறுவனத்தின் கொள்வனவுப் பிரிவில் தரவு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார். பல இடங்களிலிருந்து வரும் விலைகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, ஒப்பிட்டு, அறிக்கை எழுதத் தெரிய வேண்டும் என்கிறது விளம்பரம். அவருடைய சுயவிபரக் கோவையில் பேரேடும் இருப்புப் புத்தகமும் இருக்கின்றன. பேரேட்டில் எழுதுவதெல்லாம் அவர் கைக்கு ஒழுங்காக வந்து சேரும் எண்கள். ஒழுங்கில்லாமல் வரும் எண்களைக் கையாள்வதுதான் அவரிடம் விடுபட்டிருக்கும் திறமை, ஆகவே செயற்றிட்டம் அந்த ஒன்றையே காட்ட வேண்டும்.

கையருகே இருப்பது கடையின் இருப்புப் புத்தகம். அதைத் தொடக்கூடாது. முதலாளியின் கொள்விலையையும் இலாபத்தையும் வெளியே காட்டும் ஒருவரை இன்னொரு முதலாளி நம்பிச் சேர்ப்பதில்லை. யாரும் திறந்து சரிபார்க்கக்கூடிய பொதுத் தரவே இதற்கு ஏற்றது. இலங்கை மத்திய வங்கி வெளியிடும் நாளாந்த விலை அறிக்கை அத்தகையது. அதில் புறக்கோட்டை, தம்புள்ளை மொத்த விலைகளும், நாரஹேன்பிட்டி உட்படச் சில சந்தைகளின் சில்லறை விலைகளும் இருக்கும். ஒவ்வொரு சந்தைக்கும் நேற்றைய விலையும் இன்றைய விலையும் பக்கம்பக்கமாகத் தரப்படும். விலை கிடைக்காத இடத்தில் n.a. என்று இருக்கும். ஒவ்வொரு நாளும் தனித்தனி பி.டி.எஃப் கோப்பாக வருவதால், மூன்று மாத விலையை ஒரே அட்டவணையில் பார்க்க வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து சேர்த்தாக வேண்டும். காட்ட வேண்டிய திறமைக்கு அங்கேயே வேலை இருக்கிறது.

அடுத்தது கேள்வி. "மரக்கறி விலை ஆய்வு" என்பது தலைப்பு மட்டுமே, அதற்கு முடிவு கிடையாது. ஒரு மரக்கறியும் இரண்டு விலைகளும் போதும்: தம்புள்ளையில் கரட்டின் மொத்த விலை ஏறினால், நாரஹேன்பிட்டியில் சில்லறை விலை எத்தனை நாளில் ஏறுகிறது? இறங்கினால் எத்தனை நாளில் இறங்குகிறது? சந்தைக்குப் போகும் எவருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. பொருளியலிலும் இதற்கு இடம் இருக்கிறது. பிரித்தானியப் பெற்றோல் விலைகளைப் பற்றி 1991இல் எழுதிய ரொபர்ட் பேக்கன், ஏறும்போது ரொக்கெட் போலவும் இறங்கும்போது இறகு போலவும் விலை நகர்வதாகச் சொன்னார். கரட்டும் அப்படித்தானா என்று 60 அறிக்கைகளை வைத்துப் பார்ப்பது நான்கு வாரத்தில் முடியக்கூடிய வேலை. ஓர் அறிக்கைக்கு நான்கு நிமிடம் என்றால் எண்களைப் பதிய நான்கு மணித்தியாலம் போகும்.

எக்செல் கோப்பில் முதல் தாள் மூலத்தாள். அறிக்கையில் உள்ளது உள்ளபடியே அதில் ஏறும், n.a. உட்பட. பதிந்த பின் அதில் கை வைப்பதில்லை. திருத்தமும் கணக்கும் இரண்டாவது தாளில் நடக்கும். இந்தப் பிரிவு இருந்தால்தான் எந்த எண் அறிக்கையிலிருந்து வந்தது, எது பின்னர் மாறியது என்று மற்றவர் பார்த்தறிய முடியும். ஒரு வரிசைக்கு ஒரு நாள்; A பத்தியில் திகதி, D பத்தியில் இன்றைய தம்புள்ளை விலை, E பத்தியில் அதே அறிக்கை சொல்லும் நேற்றைய விலை. திகதியை 2024-04-03 என்ற முறையில் எழுதுவது நல்லது. 03/04 என்று எழுதினால் கணினியின் அமைப்பைப் பொறுத்து அது ஏப்ரல் 3 ஆகலாம், மார்ச் 4 ஆகவும் ஆகலாம்.

n.a. உள்ள இடத்தில் பூச்சியம் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. நான்கு நாள் விலை 300, 320, n.a., 340 என்றால் சராசரி 320. அந்த n.a. பூச்சியமானால் சராசரி 240 ஆகிவிடும். கரட் ஒருநாளும் 240க்கு விற்கப்படவில்லை, ஆனால் அட்டவணை அப்படிச் சொல்லும். இரண்டாவது தாளில் இந்தச் சூத்திரம் அதைத் தடுக்கும்:

```
=IF(ISNUMBER('மூலத்தாள்'!D3),'மூலத்தாள்'!D3,"")
```

கையால் பதியும்போது 300 என்பது 30 ஆகவோ 330 ஆகவோ மாறுவதுண்டு. அதைப் பிடிக்க அறிக்கையே வழி தருகிறது. இன்றைய அறிக்கையில் உள்ள நேற்றைய விலை, முந்தைய வரிசையில் பதிந்த அன்றைய விலையோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது தாளின் பக்கத்துப் பத்தியில் இப்படி எழுதலாம்:

```
=IF('மூலத்தாள்'!E3='மூலத்தாள்'!D2,"","பார்க்க")
```

"பார்க்க" என்று வரும் ஒவ்வொரு வரிசையிலும் பி.டி.எஃப் கோப்பை மீண்டும் திறக்க வேண்டும். காரணம் பதிவுப் பிழையாக இருக்கலாம், இடையில் ஓர் அறிக்கை விடுபட்டிருக்கலாம், அறிக்கையே பின்னர் திருத்தப்பட்டிருக்கவும் கூடும். எந்த வரிசையில் எது காரணம் என்று மூன்றாவது தாளில் ஒரு வரி எழுதி வைத்தால், அந்தப் பட்டியலே ஒரு சான்றாகிவிடும். பிழையைத் தேடிப் பிடித்தவர் என்பது அதில் தெரியும்.

கணக்குக்கு முன் விதி எழுதப்பட வேண்டும். மொத்த விலை ஒரு நாளில் 10 சதவீதமோ அதற்கு மேலோ நகர்ந்தால் அது ஒரு நிகழ்வு. அதற்கு முந்தைய நாள் இருந்த சில்லறை விலையிலிருந்து 5 சதவீதம் அதே திசையில் நகரும் நாள் அதன் பதில். முதல் நிகழ்வுக்குப் பதில் வரும் முன் இன்னொன்று வந்தால் இரண்டும் ஒன்றாகக் கொள்ளப்படும். தரவைப் பார்த்த பிறகு விதி எழுதினால், விரும்பிய விடை வரும் வரை 10ஐ 8 ஆகவும் 12 ஆகவும் மாற்றத் தோன்றும்.

விதி எப்படி வேலை செய்கிறது என்பதை மாதிரி எண்களில் பார்க்கலாம். திங்களன்று மொத்த விலை 300 ரூபா, சில்லறை 420. செவ்வாயன்று மொத்த விலை 360 ஆகிறது. ஏற்றம் 60, 300இல் அது 20 சதவீதம், ஆகவே நிகழ்வு. சில்லறை அன்று 420இலேயே நிற்கிறது. புதனன்று 430 என்றாலும் அது 2.4 சதவீதம் மட்டுமே. வியாழனன்று 480, அதாவது 14.3 சதவீதம். செவ்வாயிலிருந்து வியாழன் வரை, பதில் வர இரண்டு நாள். அடுத்த திங்களன்று மொத்த விலை 355இலிருந்து 290க்கு இறங்குகிறது, 18.3 சதவீதம். சில்லறை வியாழன் வரை 480இல் நின்று வெள்ளியன்று 440 ஆகிறது. இம்முறை நான்கு நாள்.

ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று வைத்து எதையும் நிறுவ முடியாது. 60 நாளிலும் இத்தகைய நிகழ்வுகள் சிலவே கிடைக்கக்கூடும். அதனால் சராசரியை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு நிகழ்வையும் திகதியுடன் பட்டியலிடுவதே சரி. போயா நாளிலும் வார இறுதியிலும் அறிக்கை இல்லாத இடைவெளிகள் வரும். அவற்றையும் நாளாக எண்ணினால் காத்திருப்பு செயற்கையாக நீளும். நாட்காட்டி நாளா, அறிக்கை நாளா என்பதும் விதியில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் மற்றவர் திரட்டிய எண்கள். தானே திரட்டவும் தெரியும் என்று காட்ட, பிலிமத்தலாவையில் இரண்டு மரக்கறிக் கடைகளின் விலையை 20 நாள் காலையில் ஒரே நேரத்தில் குறித்து வைக்கலாம். பலகையில் எழுதிய விலையை மட்டும் குறிக்க வேண்டும். பேரம் பேசி வாங்கிய விலை ஆளுக்கு ஆள் வேறுபடும். பல கடைகளில் 250 கிராமுக்கு விலை எழுதுவதால் அளவுக்கென ஒரு பத்தி தேவை. "250 கிராம் 110 ரூபா" என்பதை 110 என்று மட்டும் பதிந்தால், பக்கத்துக் கடையின் கிலோ விலையான 430க்கு முன் அது மிக மலிவாகத் தோன்றும். நான்கால் பெருக்கினால் 440, உண்மையில் அதுதான் கூடிய விலை.

முடிவு ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். முதல் வரியிலேயே விடை, அதன்பின் விதி, பின்னர் நிகழ்வுப் பட்டியல், கடைசியில் எல்லைகள். ஒரு மரக்கறி, மூன்று மாதம், குறிப்பிட்ட சந்தைகள் என்பதே அந்த எல்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேறுபாடு தெரியவில்லை என்று வந்தால் அப்படியே எழுத வேண்டும். தரமான கோப்பா என்று அறிய எளிய சோதனை உண்டு: மூலத்தாளையும் விதியையும் மட்டும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து நிகழ்வுகளை எண்ணச் சொல்வது. அவருடைய எண்ணிக்கை வேறாக வந்தால் விதியில் எங்கோ தெளிவில்லை.

சுயவிபரக் கோவையில் இது தொழில் அனுபவத்தின் கீழ் வராது. "சொந்தச் செயற்றிட்டம்" என்று தனித் தலைப்பிட்டு, மாதத்தையும் வருடத்தையும் போட்டு, இரண்டு வரி எழுதினால் போதும்: மத்திய வங்கியின் 60 நாளாந்த அறிக்கைகளிலிருந்து கரட் விலை அட்டவணை தயாரித்து, பதிவுப் பிழைகளைச் சரிபார்த்து, மொத்த விலை மாற்றம் சில்லறை விலையை எட்டும் காலம் பற்றி ஒரு பக்க அறிக்கை எழுதியது. நேர்முகத்தில் பெரும்பாலும் விடையைவிட வழியைப் பற்றித்தான் கேட்பார்கள். இந்த வரிசை ஏன் வெற்றாக இருக்கிறது, ஏன் 10 சதவீதம் என்ற கேள்விகளுக்குத் தானே செய்தவர் கோப்பைத் திறக்காமலே பதில் சொல்வார். பிறரிடம் செய்வித்தவர் அங்கே தடுமாறுவார்.

இந்தச் செயற்றிட்டம் காட்டாதவையும் உண்டு. பிறர் குறித்த நாளுக்குள் வேலையை முடிப்பது, குழுவாக இயங்குவது, ஆயிரக்கணக்கான வரிசைகளைக் கையாள்வது ஆகியவற்றுக்கு 60 வரிசைகள் சாட்சி சொல்லா. வெல்டிங், மின்னிணைப்பு போன்ற தொழில்களில் தேசிய தொழிற்றகைமை கேட்கப்படும் இடத்தில் இத்தகைய கோப்பு அந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது. அங்கே முன்அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை தனியாக இருக்கிறது. ஒழுங்கற்று வரும் எண்களை ஒருவர் நேர்மையாக ஒழுங்குபடுத்துவாரா என்ற ஒரு கேள்விக்குத்தான் கரட் விலைக் கோப்பு பதில் சொல்கிறது. அந்தக் கணக்கு எழுதுநரின் விண்ணப்பத்தில் விடுபட்டிருந்ததும் அந்த ஒன்றுதான்.